வட்டத் தூணுக்கு அந்த 0.36-ஐக் கொண்டுவராதீர்கள்

கேள்வி: வட்டத் தூணுக்கு இன்டராக்‌ஷன் டயகிராம் போட, செவ்வகத் தூணுக்குச் சரியாக வந்த என் எக்செல் ஷீட்டில் அகலத்துக்குப் பதில் விட்டத்தைக் கொடுத்தேன். எஸ்பி 16 சார்ட்டை விட என் வளைவு வெளியே போகிறது. எங்கே தப்பு?

காங்கிரீட் விசையில்தான். இதே ஷீட்டை நான் ஏற்கெனவே ஒரு முறை சந்தித்திருக்கிறேன், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு 500 மி.மீ. விட்டத்தில் தூண்கள் போட்டிருந்தேன். எம்25 காங்கிரீட், எட்டு 20 மி.மீ. கம்பி, ஃபெ 415, கவர் 40, ரிங் 8. கம்பி வட்டத்தின் ஆரம் 192 வரும். டிசைனைச் சரிபார்க்க வந்தவர் "உங்கள் தூணின் தாங்குதிறனைக் குறைத்துக் காட்டுகிறீர்கள், கம்பி வீண்" என்று எழுதி அனுப்பினார். அவருடைய ஷீட் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியது, ஃபார்முலா எதுவும் தெரியாது. சரி என்று ஒரே ஒரு புள்ளியை, நியூட்ரல் ஆக்சிஸ் நடுவில் இருக்கும் `xu = 250`-ஐ எடுத்துக் கையால் போட்டேன்.

செவ்வகத் தூணின் காங்கிரீட் விசைக்கான `0.36 fck b xu` என்பதில் b-க்கு 500 கொடுத்தால் 1,125 கிலோநியூட்டன் வருகிறது. அவருடைய எண் அதுதான். அந்த 0.36 அகலம் மாறாத வெட்டுக்கு மட்டும் பொருந்துவது. வட்டத்தில் ஸ்ட்ரெஸ் முழுதாக இருக்கும் மேல் ஓரத்தில்தான் அகலம் மிகக் குறைவு. சிலர் புத்திசாலித்தனமாக அரைவட்டப் பரப்பை 0.36 fck-ஆல் பெருக்குவார்கள், 884 வரும். அதுவும் அதிகம்தான். விளிம்பிலிருந்து 0.42 xu என்று லீவர் ஆர்மையும் பழையபடி வைத்தால் மொமென்ட் இன்னும் மோசமாகப் பிசகும்.

செய்ய வேண்டியது இதுதான். நியூட்ரல் ஆக்சிஸுக்கு மேலே இருப்பதை 10 மி.மீ. பட்டைகளாக வெட்டுங்கள். மையத்திலிருந்து y தூரத்தில் பட்டையின் அகலம் `2*SQRT(250^2-y^2)`, ஸ்ட்ரெயின் `0.0035*y/250` (இது இந்த xu-க்கு மட்டும்). ஸ்ட்ரெயின் 0.002 வரை ஸ்ட்ரெஸ் பரவளையம், அதற்கு மேல் 0.446 fck, அதாவது 11.15. கூட்டினால் 834 கிலோநியூட்டன், மையத்தைச் சுற்றி 107 கிலோநியூட்டன் மீட்டர். லீவர் ஆர்ம் 128 மி.மீ. தான், பழைய கணக்கு சொல்லும் 145 இல்லை.

அப்புறம் கம்பி. ஒரு கம்பி உச்சியில் இருக்கிற மாதிரி வைத்தால் y = 192-இல் ஒன்று, 136-இல் இரண்டு, நடுவில் இரண்டு, கீழேயும் அதே மாதிரி. ஸ்ட்ரெயின் 0.00269-க்கு 350, 0.0019-க்கு 324 என்று எஸ்பி 16-இன் ஸ்ட்ரெஸ் அட்டவணையிலிருந்து வருகிறது. அழுத்தத்தில் இருக்கும் கம்பியில், அது இடம்பிடித்த காங்கிரீட்டின் ஸ்ட்ரெஸைக் கழித்துவிடுங்கள். மேலும் கீழும் கிட்டத்தட்ட அடித்துக்கொண்டு நிகர விசை −11 தான் நிற்கிறது, ஆனால் மொமென்ட் 96 சேர்கிறது. ஆகப் புள்ளி 823, 203. சார்ட்டின் அச்சுகளில் 0.13, 0.065, p/fck 0.051. உங்கள் ஷீட்டை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

"கம்பி உச்சியில்தான் இருக்கும் என்று யார் சொன்னது" என்று ஒருவர் வருவார் என்று தெரியும். 22.5 டிகிரி திருப்பியும் போட்டேன், கம்பியின் பங்கு 96-இலிருந்து 94 ஆகிறது, அவ்வளவுதான். எஸ்பி 16-உம் ஆறு கம்பிக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்கிறது. ஏசிஐ ஆட்கள் சண்டைக்கு வர வேண்டாம், அது 0.003-உம் வேறு பிளாக்கும், நான் ஐஎஸ் 456 மட்டும் பேசுகிறேன். நெட்டைத் தூண் விவகாரமும் தனி.

இதையெல்லாம் எழுதி அனுப்பியதற்கு "நோட்டட்" என்று ஒரே ஒரு சொல் பதில். திருத்திய வரைபடத்துக்கு ஃபீஸ் கேட்டால் மட்டும் பக்கம் பக்கமாகப் பதில் வரும். அந்தத் தொட்டிக்குப் பெயின்ட் அடித்தவருக்குக்கூட என்னைவிட முன்னால் பணம் வந்தது, விடுங்கள்.

உங்கள் ஷீட்டில் மேல் முனையையும் பாருங்கள். நியூட்ரல் ஆக்சிஸ் தூணை விட்டு வெளியே போன பிறகும் விளிம்பில் 0.0035-ஐயே பிடித்துக்கொண்டிருந்தால் வளைவு 3,060 வரை ஏறும். வர வேண்டியது 2,985. வெளியே போனதும் விளிம்பிலிருந்து 3D/7, இந்தத் தூணில் 214 மி.மீ., தள்ளி 0.002-ஐ நிலையாக வைத்து ஸ்ட்ரெயின் கோட்டை அதைச் சுற்றித் திருப்ப வேண்டும். `xu = 500`-க்கு இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள், ஒரே எண் வரணும். வரவில்லை என்றால் உங்கள் IF நிபந்தனையில்தான் கோளாறு.