நாம் தொடுவதற்கு முன்பே செலவாகிவிடும் மீட்பு இணைப்பு

கேள்வி: அலுவலக மின்னஞ்சலில் பதிவு செய்த ஒரு பயிற்சித் தளத்தின் கடவுச்சொல் மறந்துவிட்டது. வருகிற ரீசெட் லிங்கை ஆபீஸ் கணினியில் திறந்தால், மெயில் வந்த இரண்டாவது நிமிடத்திலேயே ‘காலாவதியாகிவிட்டது’ என்கிறது. கைபேசியில் தொட்டால் அவர்களுடைய ஆப் திறந்து லாகின் பக்கத்தில் நிற்கிறது. மறுபடி ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா’, மறுபடி மெயில், மறுபடி அதே பக்கம். கேஷை நான்கு முறை அழித்துவிட்டேன். என்ன செய்வது?

பதில்: கணினியில் நடப்பதும் கைபேசியில் நடப்பதும் ஒரே கோளாறு போலத் தோன்றினாலும், அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவது பெரும்பாலும் மின்னஞ்சல் வடிகட்டியின் வேலை. இரண்டாவது செயலியின் பழைய பதிப்பின் வேலை. கேஷ் இதில் ஓரளவுதான் குற்றவாளி, அதுவும் நீங்கள் நினைக்கும் வழியில் அல்ல.

அந்த இணைப்பின் இறுதியில் நீளமாக வரும் எழுத்துக் குவியலை டோக்கன் என்பார்கள். அது ஒரு முறை மட்டுமே பயன்படும் சாவி. அதன் ஆயுள் நீங்கள் மெயிலைப் பார்த்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை, தளத்தின் சர்வர் அதை உருவாக்கிய நொடியிலிருந்தே தொடங்கிவிடுகிறது. அந்த ஆயுளைத் தளத்தார்தான் முடிவு செய்கிறார்கள். அவர்கள் எதையும் மாற்றாமல் விட்டால், தளங்களைக் கட்டப் பயன்படும் மென்பொருள்களில், லாராவெலில் 60 நிமிடம், வேர்ட்பிரஸ்ஸில் ஒரு நாள், ஜாங்கோவில் மூன்று நாள் என்பதே வழக்கம். இரண்டாவது நிமிடத்திலேயே காலாவதி என்று வந்தால், காலம் கடந்தது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பல தளங்கள் ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’, ‘ரத்தாகிவிட்டது’, ‘நேரம் முடிந்தது’ ஆகிய மூன்றுக்கும் ஒரே வாசகத்தைத்தான் காட்டுகின்றன என்பதால், திரையில் வரும் ‘காலாவதி’ என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டாம்.

‘ரத்தாகிவிட்டது’ என்பதை முதலில் சோதித்துவிடலாம். லாராவெல், வேர்ட்பிரஸ் போன்றவற்றில் புதிய இணைப்பைக் கேட்ட உடனேயே பழையது செல்லாததாகிவிடும். மெயில் தாமதமாகிறதே என்று நான்கு முறை பொத்தானை அழுத்தியவருக்கு நான்கு மெயில்கள் வரும், அவற்றில் ஒன்றுதான் உயிருள்ளது. ஜிமெயில், ஒரே தலைப்புள்ள மெயில்களை ஒரே உரையாடலாக அடுக்கிவிடுவதால், அவசரத்தில் இருப்பவர் மேலே கண்ணில் படும் பழைய மெயிலைத் திறந்துவிடுவது மிகவும் சாதாரணம். ஒரே ஒரு முறை கேட்டு, வந்த ஒரே மெயிலைத் திறந்தும் அது ‘காலாவதி’ என்றால்தான் வடிகட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

நிறுவனங்களின் மின்னஞ்சல் அமைப்புகளில், உள்ளே வரும் ஒவ்வொரு மெயிலிலும் உள்ள இணைப்புகளை ஏமாற்றுத் தளங்களா என்று முன்கூட்டியே திறந்து பார்க்கும் காவல் மென்பொருள் இருப்பதுண்டு, வடிகட்டி என்று நான் சொல்வது இதைத்தான். மனிதர் திறப்பதற்கு முன்பு ஒரு இயந்திரம் திறந்துவிடுகிறது. தளத்தை எழுதியவர், இணைப்பு திறக்கப்பட்டாலே சாவி செலவானதாகக் கணக்கு வைத்திருந்தால், உங்கள் முறை வரும்போது சாவி தீர்ந்துபோயிருக்கும். இதே புகாரோடு வந்த ஒரு தளத்தின் சர்வர் பதிவேட்டை நான் புரட்டியபோது கிடைத்த மூன்று வரிகள், டோக்கனைச் சுருக்கி:

```
10:02:11 POST /forgot             200
10:02:14 GET  /reset?token=9f3c   200
10:06:40 GET  /reset?token=9f3c   410
```

முதல் வரி, பயனர் மீட்பு இணைப்பைக் கேட்டது. மூன்றாவது வரி, அவர் மெயிலைத் திறந்து இணைப்பை அழுத்தி, 410, அதாவது ‘இனி இல்லை’ என்ற பதிலை வாங்கியது. நடுவில், கேட்ட மூன்றே நொடியில் இணைப்பைத் திறந்தவர் யார்? அந்த வரியில் இருந்த ஐ.பி. முகவரி ஏதோ ஒரு தரவு மையத்துடையது, பயனரின் ஊருக்கும் அதற்கும் தொடர்பில்லை. மெயில் இன்பாக்ஸுக்கு வந்துசேர்வதற்கு முன்பே இணைப்பைத் தொட மனிதரால் முடியாது.

தவறு வடிகட்டியிடம் அல்ல, தளத்திடம்தான் என்பது என் கருத்து. ஒரு முகவரியை GET முறையில் திறந்து பார்ப்பது மட்டுமே எதையும் மாற்றிவிடக் கூடாது என்பது இணையத்தின் பழைய விதி. இணைய விதிகளை வரையறுக்கும், 2022-இல் வெளியான RFC 9110 ஆவணமும் அதையே சொல்கிறது. இணைப்பைத் திறந்ததும் புதிய கடவுச்சொல்லை எழுதும் படிவத்தை மட்டும் காட்டிவிட்டு, அதைச் சமர்ப்பிக்கும்போது சாவியைச் செலவழித்தால், வடிகட்டி எத்தனை முறை எட்டிப்பார்த்தாலும் யாருக்கும் பாதகமில்லை.

உங்கள் நிலையில் இதை உறுதிசெய்ய எளிய வழி, அதே தளத்தில் சொந்த ஜிமெயில் முகவரியில் கணக்கு வைத்திருக்கும் ஒரு சக ஊழியரிடம், அவருடைய கடவுச்சொல்லை உங்கள் அலுவலகக் கணினியிலேயே மாற்றிப் பார்க்கச் சொல்வது. அவருக்கு வேலை செய்து உங்களுக்கு வேலை செய்யவில்லை என்றால், கணினியும் உலாவியும் குற்றமற்றவை. மெயிலில் உள்ள இணைப்பின்மேல் மவுஸை நிறுத்திப் பார்ப்பதும் உதவும்: தளத்தின் முகவரிக்குப் பதிலாக `safelinks.protection.outlook.com` என்று இருந்தால், இடையில் மைக்ரோசாஃப்டின் காவல் இருக்கிறது என்று பொருள். அது மட்டுமே குற்றத்தை நிரூபித்துவிடாது, ஆனால் அலுவலக ஐ.டி. பிரிவிடம் பேசத் தொடங்க அது போதும். அவர்களிடம் கேட்க வேண்டியது, அந்தத் தளத்தின் முகவரிக்கு மட்டும் இணைப்புச் சோதனையிலிருந்து விலக்கு. மொத்தமாக வடிகட்டியை நிறுத்தச் சொன்னால் மறுப்பார்கள், மறுப்பதுதான் சரியும்கூட.

வடிகட்டி இன்னொரு வழியிலும் இடையூறு செய்யும். முன்பின் அறியாத அனுப்புநரிடமிருந்து வரும் மெயிலை முதல் முறை ‘பிறகு வா’ என்று திருப்பி அனுப்பி, மறுமுறை வந்தால் ஏற்பது சில அமைப்புகளின் பழக்கம். அதனால் மெயில் கால் மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகலாம். தளம் தந்த ஆயுள் பத்து நிமிடம்தான் என்றால், அது வரும்போதே இறந்துதான் வரும். ஜிமெயிலில் அந்த மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் ‘Show original’ என்பதைத் திறந்தால், உருவான நேரத்துக்கு அருகில் எத்தனை நொடியில் வந்துசேர்ந்தது என்றும் எழுதியிருக்கும்.

இனி உலாவிக்கு வருவோம். ‘கேஷை அழி’ என்ற பொதுவான அறிவுரையில் இரண்டு பொருள்கள் கலந்துவிடுகின்றன. கேஷ் என்பது பக்கங்களின் சேமித்துவைத்த நகல். குக்கீ என்பது இந்த உலாவி யாருடையது என்று தளம் நினைவு வைக்கும் சீட்டு. மீட்பு இணைப்பு சுற்றிச்சுற்றி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டாவதுதான். வேர்ட்பிரஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். இணைப்பைத் திறந்ததும், அதில் உள்ள சாவியை `wp-resetpass-` என்று தொடங்கும் ஒரு குக்கீயில் போட்டுவிட்டு, சாவி இல்லாத `wp-login.php?action=rp` என்ற முகவரிக்கு உங்களை அனுப்புகிறது. முகவரிப் பட்டியில் சாவி தங்கி வேறு எங்காவது கசிந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்யும் நல்ல ஏற்பாடு இது. ஜாங்கோவும் கிட்டத்தட்ட இதையே செய்கிறது. ஆனால் உலாவி குக்கீகளைத் தடுத்திருந்தால், இரண்டாவது பக்கத்தின் கையில் சாவி இருக்காது. உடனே `error=invalidkey` என்று சொல்லி மறுபடி ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா’ பக்கத்துக்கே தள்ளிவிடும்.

மெயில் செயலிக்குள்ளேயே திறக்கும் சிறு உலாவியில் இணைப்பைத் திறந்துவிட்டு, பிறகு ‘பெரிய உலாவியில் திற’ என்று மாற்றினாலும் இதே கதிதான், குறிப்பாக ஐபோனில். சாவி அங்கே, நீங்கள் இங்கே. ஆகவே தொடங்கிய உலாவியிலேயே முடியுங்கள். கேஷ் உண்மையிலேயே குற்றவாளியாகும் நிலை ஒன்று உண்டு: தளம் முன்பு ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்கு ‘நிரந்தரமாக’ மாற்றியதை உலாவி நினைவில் வைத்திருந்து, பின்னர் தளம் அதைத் திருப்பிப் போட்டிருந்தால், உலாவி இரண்டுக்கும் நடுவே பந்தாடும். அப்போது குரோமில் `ERR_TOO_MANY_REDIRECTS` என்று தெளிவாகவே எழுதிவரும். அந்தச் செய்தி வராதவரை, உலாவி முழுவதையும் துடைத்து மற்ற தளங்களின் லாகின்களையும் இழக்கத் தேவையில்லை. மறைநிலைச் சாளரத்தில் ஒரு முறை முயன்றாலே கேஷுக்குப் பங்கு உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கைபேசியில் இணைப்பைத் தொட்டதும் ஆப் திறப்பதற்குக் காரணம், ‘இந்தத் தளத்தின் இணைப்புகளை நானே திறப்பேன்’ என்று அந்தச் செயலி ஆண்ட்ராய்டிடமோ ஐ.ஓ.எஸ்.-இடமோ பதிவு செய்திருப்பது. தளத்தார் மீட்புப் பக்கத்தின் முகவரியை, உதாரணமாக `/reset` என்பதிலிருந்து `/account/recover` என்று, மாற்றியிருக்கலாம். புதிய பதிப்புக்கு அது தெரியும். ஆறு மாதமாகப் புதுப்பிக்காத பதிப்புக்குத் தெரியாது. இணைப்பை வாங்கிக்கொண்டு, என்ன செய்வதென்று புரியாமல் தன் முதல் பக்கமான லாகினைக் காட்டும். சாவி சர்வரைச் சென்று சேரவே இல்லை என்பதால் இங்கே செலவாகவும் இல்லை. ஆகவே அதே இணைப்பை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்து நகலெடுத்து, உலாவியின் முகவரிப் பட்டியில் ஒட்டித் திறந்தால், ஆப் குறுக்கிடாது. ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய் ‘Open by default’ என்பதில் இணைப்புகளைத் திறக்கும் உரிமையைத் தற்காலிகமாக அணைத்துவிடவும் முடியும்.

உங்கள் விஷயத்தில் இப்படிச் செய்யுங்கள். முதலில் செயலியைப் புதுப்பியுங்கள். அரை மணி நேரம் எதையும் கேட்காமல் இருந்து, தாமதமாக வரும் பழைய மெயில்கள் எல்லாம் வந்துசேர்ந்ததும் அவற்றை நீக்கிவிடுங்கள். பிறகு ஒரே ஒரு முறை கேட்டு, வரும் இணைப்பை நகலெடுத்து, குக்கீ தடுப்பு இல்லாத ஒரு உலாவியில் ஒட்டித் திறந்து, அங்கேயே முடியுங்கள். அப்போதும் முதல் நிமிடத்தில் ‘காலாவதி’ என்றால் சாவியை வடிகட்டிதான் செலவழிக்கிறது என்று கொள்ளலாம். உங்கள் பக்கத்தில் இனி செய்ய எதுவும் இல்லை.

அந்த நிலையில் தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதும்போது, கேட்ட நேரம், மெயில் வந்த நேரம், அழுத்திய நேரம் ஆகிய மூன்றையும் நிமிடக் கணக்கில் குறிப்பிட்டு, இணைப்புக்குப் பதிலாக எண் குறியீடு ஒன்றை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். எண்ணை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும் என்பதால் அதை எந்த வடிகட்டியாலும் செலவழிக்க முடியாது. இணைப்பையே நகலெடுத்து அவர்களுக்கு அனுப்ப வேண்டாம். அது இன்னும் உயிரோடு இருந்தால், வாங்கியவர் உங்கள் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம்.