வயதானவர்களுக்கு 35.5 டிகிரி: எப்போது கவலைப்பட வேண்டும்?

கேள்வி: அம்மாவுக்கு 81 வயது. இரண்டு நாளாக அக்குளில் வைத்துப் பார்த்தால் 35.5 டிகிரிதான் காட்டுகிறது. வேறு தொந்தரவு இல்லை. இது நார்மலா? எவ்வளவு குறைந்தால் டாக்டர்கள் கவலைப்படுவார்கள்?

அம்மா எப்போதும்போல் பேசுகிறார், சாப்பிடுகிறார், நடமாடுகிறார் என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஃபாரன்ஹீட்டில் 95.9. அக்குளில் எடுக்கும் அளவு வாயில் எடுப்பதைவிட அரை டிகிரி வரை குறைவாகத்தான் வரும், வயதானவர்களின் உடல் வெப்பமே இளையவர்களைவிடச் சற்றுக் கீழே இருக்கும், அதிலும் விடியற்காலையில் இன்னும் குறையும்.

முதலில் அளவு சரிதானா என்று பாருங்கள். மெலிந்த உடம்பில் அக்குள் குழிந்திருக்கும், தெர்மாமீட்டரின் நுனி தோலைத் தொடாமல் நடுவில் காற்றில் நிற்கும். வியர்வையைத் துடைத்துவிட்டு, நுனியைக் குழியின் ஆழத்தில் வைத்து, கையை மார்போடு சேர்த்து அணைத்துப் பிடியுங்கள். பீப் சத்தம் வந்த பிறகும் நாலைந்து நிமிடம் விட்டுப் பார்க்கலாம். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தால் நாக்குக்கு அடியில் வைப்பது இன்னும் நல்லது, ஆனால் காபியோ தண்ணீரோ குடித்து இருபது நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். நெற்றிக்கு நேரே காட்டும் கருவியை ஏசி அறையில், ஃபேனுக்குக் கீழே நம்ப வேண்டாம்.

என் மாமியாருக்கு அக்குளில் 35.6, வாயில் 36.1, இதுதான் வழக்கமான அளவு. நன்றாக இருந்த நாட்களில் காலையும் மாலையும் பார்த்துக் காலண்டரிலேயே எழுதி வைத்திருந்தோம். ஒரு நாள் வாயில் 37.4 காட்டியது. வேறு யாருக்காவது என்றால் அதைக் காய்ச்சல் என்றே சொல்லமாட்டார்கள், ஆனால் அவருக்கு அது 1.3 டிகிரி ஏற்றம். அன்று காலையிலிருந்து சோர்ந்து படுத்திருந்தார், சிறுநீரும் அடிக்கடி போனது. டாக்டரிடம் காலண்டரைக் காட்டியதும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார், தொற்று இருந்தது. முதியவர்களுக்கு வழக்கத்தைவிட 1.1 டிகிரி கூடினாலே காய்ச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதலில் உள்ளதுதான். அதனால் 35.5-ஐப் பார்த்துப் பயப்படுவதைவிட, அம்மாவின் வழக்கமான அளவு எது என்று தெரிந்துவைத்துக்கொள்வதுதான் பெரிய உதவி.

சரி, குறைவுக்கு வருவோம். உடலின் உள் வெப்பம் 35-க்குக் கீழே (95 ஃபாரன்ஹீட்) போனால் அது ஹைப்போதெர்மியா, அவசர நிலை. பிரிட்டன் மருத்துவமனைகளில் நோயாளியின் நிலைமைக்கு மதிப்பெண் போடும் முறையில் 35.1 முதல் 36 வரை ஒரு புள்ளி, 35-ம் அதற்குக் கீழும் மூன்று புள்ளி. அந்த ஒரு அளவுக்காகவே டாக்டரை உடனே வரச்சொல்லிவிடுவார்கள். பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர்களில் பெரும்பாலும் கோடே 35-இல்தான் தொடங்கும், அதனால் அதில் அடியிலேயே நின்றால் உண்மையில் எவ்வளவு என்று தெரியாது. டிஜிட்டலில் வேறொரு முறை பாருங்கள்.

எண்ணைவிட அதோடு சேர்ந்து வருவதுதான் டாக்டர்களை உண்மையில் உலுக்கும். கடுமையான தொற்று இரத்தத்தில் பரவும்போது சில முதியவர்களுக்குக் காய்ச்சல் வராது, நேர்மாறாக உடல் சில்லிட்டுப் போகும், அதுதான் அதிக ஆபத்து. திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவது, எழுப்பினால் மறுபடி தூங்கிப்போவது, மூச்சு வேகமாவது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் 35.5-ஐ "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள், அன்றே ஆஸ்பத்திரி. இன்சுலின் அல்லது கிளிமெபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரை எடுப்பவர் என்றால் உடனே விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள், சர்க்கரை தாழ்ந்தாலும் உடம்பு குளிர்ந்துவிடும். அவசரம் எதுவும் இல்லாமல் வாரக்கணக்கில் வழக்கத்தைவிடக் குறைவாகவே இருந்து, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, மந்தம் கூடவே இருந்தால் தைராய்டு டெஸ்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். தூக்க மாத்திரை, மனநல மாத்திரை புதிதாகத் தொடங்கியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, பாத்ரூமில் வழுக்கி விழுந்து ஈரத் தரையில் வெகுநேரம் கிடந்தவர்களுக்கு நம் வெயில் ஊரிலும் உடல் வெப்பம் இறங்கலாம். வயதானவர்களுக்கு நடுக்கம்கூட வராமல் இருக்கலாம், அதனால் நடுங்கவில்லையே என்று நினைக்க வேண்டாம். துணிக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், அதுவே குளிர்ந்திருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை ஈரத்துணியை மாற்றிக் கம்பளி போர்த்துங்கள். கை காலைத் தேய்ப்பதும் வெந்நீர்ப் பை வைப்பதும் வேண்டாம். முழு விழிப்போடு விழுங்க முடிந்தால் மட்டும் வெதுவெதுப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள்.