வலிக்காத கால் புண்: அடுத்த வாரம் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு 66 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. வலது பெருவிரலுக்கு அடியில் பட்டாணி அளவு புண் வந்து, மஞ்சளும் ஆயின்மென்டும் போட்டு மூன்று வாரமாகியும் ஆறவில்லை. வலியே இல்லை என்கிறார், வீட்டு வேலையெல்லாம் செய்கிறார். நேற்றிலிருந்து புண்ணைச் சுற்றிக் கொஞ்சம் வீக்கம். சாப்பாட்டில் மாற்றமில்லை, ஆனாலும் சர்க்கரை 280 காட்டுகிறது. அடுத்த வாரம் மதுரைக்குக் கூட்டிப்போகும்வரை பார்க்கலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: வேண்டாம், இன்றே காட்டுங்கள். மதுரைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. முதலில் காரைக்குடி அரசு மருத்துவமனைக்கே போகலாம். ஆறாத புண், புதிதாக வீக்கம், காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை மூன்றும் சேர்ந்தால், உள்ளே கிருமி பரவ ஆரம்பித்திருக்கிறது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

வலி இல்லை என்பதை நல்ல சேதியாக நினைத்துவிடாதீர்கள். பல வருடச் சர்க்கரையில் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். நமக்குப் புண் வந்தால் நொண்டி நடந்தாவது அந்த இடத்தைக் காப்பாற்றுவோம். உங்கள் ஆத்தா முழுப் பாரத்தையும் அதன் மேலேயே வைத்து நடக்கிறார். செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து அடுப்படிக்கு ஒருமுறை போய்வந்தாலே எத்தனை எட்டு, அதுவும் வெறுங்காலில்! மூன்று வாரமாகப் புண் ஆறாததற்கு இந்த நடையே பெரிய காரணமாக இருக்கலாம். எந்த மருந்து போட்டாலும், அந்த இடத்தில் பாரம் விழுந்துகொண்டே இருந்தால் ஆறுவது கஷ்டம்.

கண்ணுக்குத் தெரியும் அளவையும் நம்பாதீர்கள். இந்த இடத்துப் புண்ணைச் சுற்றிப் பெரும்பாலும் காய்ப்பு கட்டியிருக்கும். அதைச் சீவி எடுத்த பிறகுதான் நிஜமான அளவு தெரியும். பட்டாணி அளவு என்று வந்தது உள்ளே பெரிய குழியாக இருப்பதுண்டு. மழுங்கிய மெல்லிய கம்பியை மெதுவாக விட்டு ஆழம் பார்ப்போம். கடினமாக எலும்பு தட்டினால், எலும்பிலும் கிருமி இறங்கியிருக்குமோ என்று எக்ஸ்ரே எடுப்போம். தொற்று வந்த முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம் என்பதால், சந்தேகம் இருந்தால் மறுபடியும் எடுக்க வேண்டும். பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் வைத்தியத்தின் போக்கே மாறிவிடும்.

கிளம்பும் முன் பேனாவால் வீக்கத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, நேரத்தையும் எழுதுங்கள். நம் தோல் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. தோல் பளபளவென்று இறுகியிருக்கிறதா, கருத்திருக்கிறதா என்று பாருங்கள். புறங்கையை இரண்டு பாதத்திலும் மாற்றி மாற்றி வைத்தால் எது அதிகம் சுடுகிறது என்பது புரியும். நிறமாற்றம் புண்ணின் விளிம்பிலிருந்து 2 செ.மீ. தாண்டியிருந்தாலோ, போட்ட கோட்டை மீறியிருந்தாலோ, தொற்று லேசானது இல்லை.

இன்னும் சில அறிகுறிகள் இருக்கின்றன. குளிர் நடுக்கம், வாந்தி, தடுமாற்றமான பேச்சு, கணுக்காலை நோக்கி ஏறும் சிவந்த கோடு, கெட்ட வாடை, கருத்த விரல், அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்று காற்று இருப்பதுபோல் படுவது. இதில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி எத்தனை மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் இல்லையே என்று மட்டும் ஆறுதல் கொள்ளாதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்குத் தொற்று முற்றியும் காய்ச்சல் வராமல் இருக்கலாம்.

மஞ்சளை நிறுத்துங்கள், அது புண்ணின் நிறத்தை மறைத்துவிடுகிறது. வெந்நீரில் கால் வைப்பதும் வேண்டாம், மரத்த கால் வெந்துபோவது அவருக்கே தெரியாது. சலைன் விட்டுக் கழுவி, சுத்தமான காஸ் துணி வைத்து, இறுக்காமல் கட்டினால் போதும். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அந்தக் காலை ஊன்றாமல், வண்டிவரை நாற்காலியில் தூக்கிப் போங்கள்.

தோல், சதையோடு தொற்று நின்றிருந்தால் ஆன்டிபயாடிக் பொதுவாக ஒன்று, இரண்டு வாரம். எலும்புக்குப் போய்விட்டால் ஆறு வாரம்வரை ஆகலாம். அப்புறம் பாரத்தைக் குறைக்க முழங்கால்வரை கட்டோ, தனிச் செருப்போ தருவார்கள். செருப்பைத் தந்தால் அதை வீட்டுக்குள்ளும் போட்டாக வேண்டும். வாசலில் கழற்றி வைக்கும் பழக்கம் நமக்கு ஊறிப்போனது, அதனால் வீட்டுக்கென்றே தனி ஜோடி கேளுங்கள். வாரம் ஒருமுறை, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் புண்ணைப் போட்டோ எடுத்து வாருங்கள். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால், அந்தப் போட்டோக்களோடு மறுபடி போய், ரத்த ஓட்டத்தையும் எலும்பையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.