150 ரூபாய் பிரியாணியில் கையில் நிற்பது எவ்வளவு?

கேள்வி: ஐயா, ஏற்காட்டில் எட்டு பேர் உட்காரும் சின்ன சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். சிக்கன் பிரியாணி பிளேட் 150 ரூபாய். சரக்குச் செலவு 51 ரூபாய்தான் வருகிறது. சரக்கைப் போல மூன்று மடங்கு விலை வைத்தால் போதும் என்று சேலத்தில் ஹோட்டல் நடத்தும் நண்பர் சொன்னார். அப்படித்தான் வைத்தேன். சனி, ஞாயிறில் அண்டா காலியாகிவிடுகிறது. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. விலையை ஏற்றுவதா, அளவைக் குறைப்பதா?
— ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: இரண்டையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். முதலில் அந்த 51 ரூபாயைப் பார்ப்போம். ஜூலை மாதத்து சரக்கு பில்லையும் விற்பனை நோட்டையும் நீங்கள் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. விஷயம் முழுக்க அவற்றில்தான் இருக்கிறது.

ஒரு அண்டாவுக்கு 5 கிலோ சீரக சம்பா, 5 கிலோ கறி போடுகிறீர்கள். எண்ணெய், நெய், வெங்காயம், தக்காளி, தயிர், மசாலா எல்லாம் சேர்த்து உங்கள் பில்படி 2,550 ரூபாய். வெந்து தம் இறங்கியதும் ஏறக்குறைய 20 கிலோ பிரியாணி வரும். பிளேட்டுக்கு 400 கிராம் என்று வைத்தால் 50 பிளேட். 2,550-ஐ 50-ஆல் வகுத்தால் 51. வகுத்ததில் தப்பில்லை. ஆனால் அது அண்டாவில் இருக்கும் பிளேட்டின் செலவு. கல்லாவில் காசாக மாறிய பிளேட்டின் செலவு வேறு.

முதலில் விடுபட்டது இலையில் பிரியாணியோடு போவது. அவித்த முட்டை 6 ரூபாய், தயிர் வெங்காயம் 4, கத்திரிக்காய் 3, இலை 2. ஆக 15 ரூபாய். இதை நீங்கள் ‘மளிகை’ என்ற தலைப்பில் தனியாக எழுதியிருக்கிறீர்கள். பிரியாணி கேட்பவருக்கு மட்டும் போகும் பொருள் பிரியாணி கணக்கில்தான் வர வேண்டும்.

அடுத்தது பிளேட் எண்ணிக்கை. நோட்டில் ஒவ்வொரு சனி, ஞாயிறும் அண்டா காலி. ஆனால் விற்றது 50 இல்லை, 44-தான். மற்ற ஆறு எங்கே போனது? அடியில் காந்திப்போனது, ருசி பார்த்தது என்று இரண்டு பிளேட் எந்தக் கடையிலும் போகும். மீதி நான்கும் பரிமாறுபவர் கையோடு போய்விட்டன. பிளேட்டுக்கு 35 கிராம் கூடுதலாக விழுந்தாலே நான்கு பிளேட் காணாமல் போகும். 35 கிராம் என்பது ஒரு சின்னப் பிடி. பார்த்தால் கண்ணுக்கே தெரியாது.

என் சித்தப்பா தாதகாப்பட்டியில் மெஸ் நடத்தினார். ஒரு வருடம் திடீரென்று லாபம் இறங்கியது. கல்லாவில் இருந்த பையன் மேல் சந்தேகப்பட்டு அவனை நிறுத்தியும்விட்டார். கடைசியில் பார்த்தால், பழைய கரண்டி உடைந்ததற்குப் பதிலாக வாங்கிய புதுக் கரண்டி கொஞ்சம் ஆழமாக இருந்தது. அந்தப் பையனிடம் அவர் மன்னிப்புக் கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதனால்தான் ஆளைச் சந்தேகப்படும் முன்னால் தராசை எடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

வார நாட்கள்தான் உங்களைப் பெரிதாக அடிக்கின்றன. செவ்வாய் விடுமுறை போக நான்கு நாளும் அரை அண்டா போடுகிறீர்கள். 25 பிளேட் வர வேண்டும். விற்பது 15. மீதியில் நீங்களும் வேலையாட்கள் இருவரும் சாப்பிடுகிறீர்கள், மிச்சம் வீணாகிறது. மிஞ்சிய சோற்றை மறுநாள் சூடு செய்து விற்காமல் இருக்கிறீர்களே, அதில் மட்டும் எந்தக் காலத்திலும் மாறாதீர்கள். வெளியில் ஆறிக் கிடந்த சோற்றில் உருவாகும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

இப்போது ஒரு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். நான்கு அண்டா சரக்கு 10,200 ரூபாய். விற்றது சனி, ஞாயிறில் 88, மற்ற நாளில் 60, மொத்தம் 148 பிளேட். வகுத்தால் 69 ரூபாய். முட்டை, தயிர் வெங்காயம் சேர்த்தால் 84. விலையில் 34 சதவீதம் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்த சரக்குச் செலவு உண்மையில் 56 சதவீதம்.

சரி, வாடகைக்கு வருவோம். உங்கள் மொத்த விற்பனை மாதம் 1,60,000. அதில் பிரியாணி ஏறக்குறைய 96,000, அதாவது 60 சதவீதம். வாடகை 18,000-இல் அதே 60 சதவீதத்தை பிரியாணி தலையில் வைக்கலாம்: 10,800 ரூபாய். சிலர் மொத்த வாடகையை டீ, தோசை, பிரியாணி எல்லாவற்றின் எண்ணிக்கையாலும் சமமாக வகுப்பார்கள். அப்படிச் செய்தால் 12 ரூபாய் டீ மேல் தாங்காத பாரம் ஏறும், பிரியாணி லாபமாகத் தெரியும். விற்பனைத் தொகைப்படி பிரிப்பதும் துல்லியம் இல்லைதான், ஆனால் உங்கள் மாதிரி கடைக்கு அது போதும்.

மாதம் 640 பிளேட் என்றால் வாடகைப் பங்கு பிளேட்டுக்கு 17 ரூபாய். இதை மே மாதக் கணக்கில் போட்டுப் பார்க்கத் தோன்றும். கோடை விழாக் கூட்டத்தில் இரண்டு மடங்கு விற்றால் அது 8 ரூபாயாகச் சுருங்கிவிடும். அந்த 8-ஐ நம்பி விலை வைத்தால் ஜூலை, ஆகஸ்ட் மழையில் வாடகையைக் கைக்காசிலிருந்துதான் கட்டுவீர்கள். வருடம் முழுக்க விற்றதைக் கூட்டி 12-ஆல் வகுத்து, அந்த எண்ணிக்கையை எடுங்கள். அது கையில் இல்லாத வரைக்கும் ஜூலையே பாதுகாப்பு.

இரண்டு பேர் சம்பளம் 30,000-இல் பிரியாணியின் பங்கு பிளேட்டுக்கு 28 ரூபாய். கேஸ், கரண்ட், சேலத்திலிருந்து சரக்கு ஏற்றும் கூலி சேர்ந்து 10. உங்கள் நண்பரின் மூன்று மடங்குக் கணக்கு மலையில் ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம். அவருக்கு சேலத்து மொத்தச் சந்தையான லீ பஜார் பக்கத்தில் இருக்கிறது. உங்களுக்கு அதே மூட்டை 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் அரிசியும் கறியும் வேக நேரம் கூடும், கேஸும் கூடும்.

ஆக 84, 17, 28, 10. மொத்தம் 139. 150-க்கு விற்றால் நிற்பது 11 ரூபாய், மாதத்துக்கு 7,000. அதற்குள்தான் உங்கள் உழைப்புக்கான கூலியும் உடைந்த பாத்திரமும் அடுப்பு ரிப்பேரும் அடங்க வேண்டும். கையில் ஏன் நிற்கவில்லை என்பது இதில் தெரிகிறது.

இனி செய்ய வேண்டியது. 400 கிராம் பிடிக்கும் கிண்ணம் ஒன்றைத் தேடி எடுங்கள். பிரியாணியை அமுக்காமல் நிரப்பி, மேலே வழித்துவிட்டு எடை பாருங்கள். கறித் துண்டுகளை எண்ணி தனியாக வையுங்கள். இல்லாவிட்டால் முதல் பத்து பேருக்குக் கறி அதிகமாகவும் கடைசி பத்து பேருக்கு வெறும் சோறாகவும் போகும். வாரம் ஒரு நாள், சொல்லாமல், பரிமாறி வைத்த ஐந்து பிளேட்டை எடை போடுங்கள். ஐந்தும் சேர்ந்து 2 கிலோவைத் தாண்டி 100 கிராமுக்கு மேல் போனால் கை மறுபடி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். சனி, ஞாயிறில் 44 என்பது 48 ஆகும்.

வார நாளில் இரண்டரை கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ போடுங்கள். 20 பிளேட் வரும். 15 விற்றபின் உங்கள் மூவர் சாப்பாட்டுக்கும் அடிக் காந்தலுக்கும் சரியாக இருக்கும். மதியம் இரண்டு மணிக்கே தீர்ந்தால் தீரட்டும். தீர்ந்த பிறகு கேட்டு வந்தவர்களை மட்டும் நோட்டில் குறியுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் நாளுக்கு நான்கு பேர் திரும்பிப் போனால் அரை கிலோ ஏற்றலாம்.

இந்த இரண்டு மாற்றத்திலேயே 84 ரூபாய் 74-க்கு இறங்குகிறது. வாரம் 156 பிளேட் விற்பதால் வாடகை, கூலி, கேஸ் பங்கும் 53 ஆகிறது. மொத்தம் 127. பழைய விலையிலேயே 23 ரூபாய் நிற்கும்.

இதற்குப் பிறகு விலையை 160 ஆக்குங்கள். 33 ரூபாய் நிற்கும், மாதம் 22,000 வரும். மூன்று மடங்கு கணக்குப்படி 222 வைக்க வேண்டும். எட்டு பேர் உட்காரும் கடையில் அந்த விலைக்கு ஆள் வரமாட்டார். 160-இல் சரக்குச் செலவு 46 சதவீதம் வருகிறதே என்று பயப்பட வேண்டாம். 60 ரூபாய் தோசையில் சரக்கு 15 போனால் 25 சதவீதம்தான், ஆனால் மிஞ்சுவது 45. பிரியாணியில் 46 சதவீதம் போனாலும் வாடகை, கூலிக்கு 86 ரூபாய் மிஞ்சுகிறது. கறிப் பண்டத்துக்கும் மாவுப் பண்டத்துக்கும் ஒரே சதவீதத்தை நான் ஒருபோதும் வைக்கமாட்டேன்.

அளவை மட்டும் சத்தமில்லாமல் குறைக்காதீர்கள். மெனு அட்டையில் ‘400 கிராம், முட்டையுடன்’ என்று எழுதுங்கள். காசு கொடுக்கிறவருக்கு என்ன கிடைக்கும் என்று முன்னாலேயே தெரிய வேண்டும். பார்சல் டப்பாவுக்கு காசு வாங்குவதாக இருந்தால் அதையும் அதே அட்டையில் போடுங்கள்.

அப்புறம் ஒன்று. வருட விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஜூலைக் கணக்கை மட்டும் 12-ஆல் பெருக்கினாலே 19 லட்சத்தைத் தாண்டுகிறது. மே மாதத்தையும் சேர்த்தால் இப்போதே எல்லையைக் கடந்திருப்பீர்கள். புது விலையை அட்டையில் அச்சடிக்கும் முன் ஒரு ஆடிட்டரிடம் நோட்டைக் காட்டுங்கள். 5 சதவீத வரியை பில்லில் தனியாகப் போட்டால் வாடிக்கையாளர் 168 கொடுப்பார். 160-க்குள்ளேயே வரியும் அடங்கினால் உங்களுக்கு வருவது 152 ரூபாய் சொச்சம்தான். ஏற்றிய பத்தில் ஏழரை ரூபாய்க்கு மேல் அங்கேயே போய்விடும்.