கெட்ட வார்த்தைக்கு உண்டியல்: பிள்ளைகளின் பேச்சு மாறுமா?

கேள்வி: கெட்ட வார்த்தை பேசினால் உண்டியலில் காசு போட வேண்டும் என்று வீட்டில் விதி வைக்கலாமா? பிள்ளைகள் பேச்சு இதனால் உண்மையிலேயே மாறுமா?

பதில்:

உங்கள் காதில் விழுவது குறையும். காசு போகிறதே என்று பிள்ளை வாய்வரை வந்ததை விழுங்கிக்கொள்ளும். ஆனால் நண்பர்களோடு விளையாடும்போது பழைய பேச்சுதான் வரும். அங்கே யாரும் காசு கேட்பதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், அபராதம் மெல்ல மெல்ல விலையாகிவிடுவது. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு 2000-இல் வெளியானது. பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதமாக வருகிறவர்கள் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானார்கள். ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் போய், அதுதான் காசு கட்டுகிறோமே என்ற எண்ணம் வந்துவிட்டது என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். அபராதத்தை நிறுத்திய பிறகும் தாமதம் குறையவில்லை.

எங்கள் வீட்டிலும் அதேதான். பெரியவனுக்குப் பத்து வயது. ஒருநாள் முதலில் காசை உண்டியலில் போட்டான், அப்புறம் தங்கையைப் பார்த்து நிதானமாகத் திட்டினான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அவனை வேண்டுமென்றே சீண்டிவிட்டு, அவன் வாயைத் திறந்ததும் "அம்மா, அண்ணன் சொல்லிட்டான்!" என்று ஓடிவருவாள். சேர்ந்த காசில் எல்லோருக்கும் தின்பண்டம் என்று சொல்லியிருந்ததால், உண்டியல் நிறைவதில் அவளுக்கு அத்தனை ஆர்வம். இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் விதியை மாற்றிவிட வேண்டும்.

நாங்கள் இரண்டு வகையாகப் பிரித்தோம். கால் விரலை இடித்துக்கொண்டு வலியில் கத்தினால் அபராதம் இல்லை. அந்த நேரத்துக்கென்று அவனே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துக்கொண்டான். பழைய சொல் வந்துவிட்டால் உடனே இதையும் ஒருமுறை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பழக்கத்தில் நாக்கில் ஏறியதை இன்னொரு பழக்கத்தால்தான் இறக்க முடியும், காசால் முடியாது. ஆனால் ஆளைப் பார்த்துத் திட்டினால் அதற்குக் காசு வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாங்கினால் கணக்கு தீர்ந்த மாதிரி ஆகிவிடும், திட்டு வாங்கியவளின் மனசு அப்படியே கிடக்கும். கோபம் அடங்கியதும் எதற்குக் கோபம் வந்தது என்பதை அவளிடமே சொல்லி, மன்னிப்பும் கேட்க வேண்டும். முதலில் முரண்டுதான் பிடிப்பான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உண்டியலே வேண்டும் என்றால் பெரியவர்களும் போட வேண்டும், போனில் பேசும்போது நழுவியதற்கும் சேர்த்து. எங்கள் வீட்டில் இப்போது உண்டியல் பெரியவர்களுக்கு மட்டும்தான்.

நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை. சிரிக்காமல், அதட்டாமல், கேட்காததுபோல் இருந்துவிடுங்கள். அந்த வயதில் வீடே திரும்பிப் பார்ப்பதற்காகத்தான் பெரும்பாலும் அதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.