முதல்முறையாக முடி வளர்க்கும் ஆண்களுக்கு: கேள்வி பதில்

முடி திருத்துவதுதான் என் தொழில். நீள முடி வளர்க்கத் தொடங்கிப் பாதியில் தவிக்கும் ஆண்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணா, எட்டு மாதமாகக் கத்தரி படவில்லை. பிடரியில் முடி காலரைத் தாண்டிவிட்டது, முன்பக்கம் மூக்கு வரைதான் வருகிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது. எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள் தம்பி. பிடரி முடி வேகமாக வளரவில்லை, அது போகவேண்டிய தூரம்தான் குறைவு. தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். கழுத்தோரம் முளைக்கும் முடி 10 செ.மீ. வளர்ந்தாலே காலரைத் தாண்டிவிடும். நெற்றியில் முளைக்கும் முடி முகவாயைத் தொட 25 செ.மீ. போல வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் உங்களுக்கு முன்பக்கம் 5 செ.மீ. இருந்தது என்று வைத்துக்கொண்டால், இப்போது 13 இருக்கும். இன்னும் ஒரு வருடம் போகவேண்டும்.

அதுவரை பிடரியை மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காலர் விளிம்பு வரை வெட்டிக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "பிடரி மட்டும்தான். மேலேயும் பக்கத்திலும் கத்தரி படக்கூடாது. அடர்த்தி குறைக்கும் பல்லுக் கத்தரியும் வேண்டாம்." இந்தக் கடைசி வரி முக்கியம். காதுக்கு மேல் முடி புஸ்ஸென்று நிற்பதைப் பார்த்ததும் எங்கள் கை தானாக அந்தக் கத்தரிக்குப் போகும். அன்றைக்கு நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே குட்டையாக வெட்டுப்பட்ட முடிகள் சில மாதம் கழித்து, நீள முடிக்கு நடுவே குத்திட்டு நிற்கும், எந்தக் கட்டிலும் அடங்காது.

பக்கவாட்டு முடி தாடை வரை வந்ததும் பிடரி வெட்டுவதை நிறுத்திவிடலாம். நடுவில் உள்ள மாதங்களுக்கு, குளித்த ஈரம் பாதி காயும்போது நடுவகிடோ பக்கவகிடோ எடுத்து, பட்டாணி அளவு ஸ்டைலிங் கிரீமை உள்ளங்கையில் தேய்த்துக் காதோரம் அழுத்திவிடுங்கள். ஜெல் வேண்டாம், விறைத்துப்போன முடியைச் சீவும்போது ஒடியும். முன்முடி 15 செ.மீ. ஆனதும் மேல்பாதியை மட்டும் பின்னால் எடுத்து முடிச்சுப் போடலாம். இந்த வயது முடிக்கு அதுதான் எடுப்பாக இருக்கும்.

கேள்வி: எனக்கு முடி தோளைத் தொட்டதோடு நின்றுவிட்டது. ஒரு வருடமாக அதே நீளம். மாதாமாதம் நுனி வெட்டினால் வேகமாக வளரும் என்றார்கள், அதையும் தவறாமல் செய்கிறேன்.

ஒவ்வொரு முறையும் எவ்வளவு வெட்டுகிறீர்கள்? ஒரு சென்டிமீட்டர் என்றால், வளர்ந்ததெல்லாம் கத்தரியோடு போய்விடுகிறது. முடி வளர்வது வேரில். நுனியில் என்ன செய்தாலும் வேருக்குத் தெரியாது. ஆனால் உங்களிடம் சொன்னவர்கள் சொன்னதில் பாதி உண்மை: வெடித்த நுனியை விட்டுவைத்தால் வெடிப்பு மேலே ஏறி, முடி நடுவில் ஒடியும். அதற்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அரை முதல் ஒரு சென்டிமீட்டர் எடுத்தால் போதும்.

அதை மாற்றிய பிறகும் நீளம் கூடவில்லையா? அப்போது சீப்பில் வருவதை ஒரு வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். முழு நீள முடி, ஒரு முனையில் வெள்ளையாகச் சின்ன முண்டு இருந்தால், அது ஆயுள் முடிந்து உதிர்ந்த முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை எல்லாருக்கும் உதிரும். நீளமாக இருப்பதால் கொத்தாகத் தெரிந்து பயமுறுத்தும், அவ்வளவுதான். முண்டு இல்லாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாகக் கிடந்தால், ஒடிகிறது என்று அர்த்தம். மேலே ஒரு சென்டிமீட்டர் வளரும்போது கீழே ஒரு சென்டிமீட்டர் ஒடிந்தால், வளரவே இல்லை என்றுதான் தோன்றும்.

உச்சியில் முளைத்துத் தோளைத் தொடும் முடியின் நுனிக்குக் கிட்டத்தட்ட மூன்று வயது. குட்டை முடி வைத்திருந்தவரை எந்த முடியும் அந்த வயது வரை உங்கள் தலையில் இருந்ததில்லை. துண்டால் பரபரவென்று துவட்டுவது, உச்சியிலிருந்து சீப்பை இழுப்பது எல்லாம் அப்போது எதுவும் செய்யவில்லை. இப்போது செய்யும்.

கேள்வி: தினமும் ஷாம்பு போட்டால் நுனி வைக்கோல் மாதிரி ஆகிறது. விட்டால் மூன்றாம் நாளே மண்டை பிசுபிசுக்கிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிக்கலாம்?

எண்ணெய் சுரப்பது மண்டையில், வறண்டுபோவது நுனி. இரண்டையும் ஒரே மாதிரி கழுவுவதால்தான் இந்த இழுபறி. பிசுபிசுப்பு வரும் நாள்தான் உங்கள் கணக்கு, மூன்றாம் நாள் என்றால் மூன்றாம் நாள்.

தலை நனைப்பதற்கு முன் விரலாலேயே பெரிய சிக்குகளைப் பிரித்துவிடுங்கள். ஷாம்புவை விரல் நுனியால் மண்டைத் தோலில் மட்டும் தேய்க்க வேண்டும். முடியை உச்சியில் குவித்துக் கசக்கக் கூடாது. அலசும்போது வழியும் நுரையே நுனிக்குப் போதும். பிறகு நீரைப் பிழிந்துவிட்டு, கண்டிஷனரைக் காதுக்குக் கீழே மட்டும் பூசி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். அது முடியில் இருக்கும்போதே, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிக்கெடுங்கள். கடைசி 5 செ.மீ. முதலில், அது சரளமானதும் கொஞ்சம் மேலே, அப்புறம் இன்னும் மேலே. மேலிருந்து இழுத்தால் நான்கு சின்னச் சிக்குகள் கீழே சேர்ந்து ஒரு பெரிய முடிச்சாகிவிடும். நனைந்த முடி அதிகமாக நீளும், சீக்கிரம் அறும், ஆகவே கண்டிஷனர் வழுவழுப்பு இல்லாமல் ஈரத்தில் சீப்பு வைக்காதீர்கள்.

முடியின் மேல்தோல் நுனியைப் பார்த்து ஓடு வேய்ந்தது போல அடுக்கடுக்காக இருக்கும். துண்டால் தேய்த்தால் அந்த அடுக்கு எழும்பி ஒன்றோடொன்று மாட்டும். பழைய பனியன் துணியால் முடியைப் பொத்தி அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

கேள்வி: நான் வேதியியல் படித்தவன். கண்டிஷனரில் உள்ள நேர்மின்னூட்ட மூலக்கூறுகள் முடியின் சேதமான இடத்தில் ஒட்டுகின்றன என்பது சரி. ஆனால் கூடவே வரும் சிலிகோன் படிந்துகொண்டே போகாதா? அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் போதாதா?

நல்ல கேள்வி சார். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கும், கழுவும்போது புரதம் இழப்பதையும் குறைக்கும். அதனால் அதைக் குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு நுனிப் பாதியில் தடவச் சொல்கிறேன். ஆனால் ஈர முடியில் சீப்பு வழுக்கிப் போவதற்குக் கண்டிஷனர் தரும் உதவியை எண்ணெய் தராது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது.

சிலிகோன் விஷயத்தில் என்னால் ஒரே பதில் சொல்ல முடியவில்லை. சாதாரண ஷாம்பு போடுபவர்களுக்கு அது பெரும்பாலும் கழுவிப் போய்விடுகிறது. சல்பேட் இல்லாத மென்மையான ஷாம்பு மட்டுமே போடும் மெல்லிய முடிக்காரர்கள் சிலருக்குக் கனமாக, சப்பென்று படுத்துவிடுவதையும் பார்க்கிறேன். அப்படி ஆனால் மாதம் ஒருமுறை வழக்கமான ஷாம்பு போட்டுப் பாருங்கள்.

பொடுகு இருந்தால் மண்டையில் எண்ணெய் வேண்டாம், அதைக் கிளப்பும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் உணவு.

கேள்வி: என் பையனுக்கு 19 வயது. முடியை இறுக்கி உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டே இருக்கிறான், தூங்கும்போதும் அவிழ்ப்பதில்லை. நெற்றி ஏறுகிற மாதிரி தெரிகிறது. முடி கனத்தால் கொட்டுமா?

கனத்தால் கொட்டாது அம்மா, இழுப்பால் கொட்டும். நீங்கள் கவனித்தது சரியான இடம்தான். ஒரே இடத்தில் தினமும் இறுக்கிக் கட்டினால் நெற்றியோரமும் காதுக்கு முன்பக்கமும் வேர் பலவீனமாகும். அவிழ்க்கும்போது மண்டை வலிக்கிறதா, நெற்றியோரம் முடியடியில் சின்னச் சின்னப் பருக்கள் இருக்கின்றனவா, ஓரத்தில் குட்டையாக மெலிந்த முடிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். இந்தக் கட்டத்தில் விட்டுவிட்டால் திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேர் செத்துவிடும், பிறகு முளைக்காது.

ரப்பர் பேண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, துணி சுற்றிய தளர்வான பேண்ட் வாங்கிக் கொடுங்கள். கட்டிய பிறகு அடியில் ஒரு விரல் எளிதாக நுழைய வேண்டும். ஒருநாள் உச்சியில், ஒருநாள் பிடரியில், வீட்டில் இருக்கும்போது அவிழ்த்துவிடட்டும். ஈரத்தோடு கட்டக் கூடாது. தூங்கும்போது தளர்வாக ஒற்றைப் பின்னல் போதும்.

ஒன்று மட்டும்: நெற்றியின் இரண்டு மூலைகளும் உச்சியும் சேர்ந்து மெலிந்தால் அது பரம்பரை வழுக்கையாகவும் இருக்கலாம். அவன் வயதில் அது தொடங்குவது உண்டு. எழுத்தில் படித்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு உச்சியில் சொட்டை. நீங்கள் சொன்ன முறையில் கண்டிஷனர் போட்டால் எத்தனை மாதத்தில் முடி முளைக்கும்?

முளைக்காது. மேலே சொன்னதெல்லாம் முளைத்த முடி ஒடியாமல் இருப்பதற்கு. சொட்டைக்கு மருத்துவம் வேறு, தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். மறைப்பதற்காக வளர்க்கலாமா என்றும் நினைத்திருப்பீர்கள். உச்சி மெலிந்த தலையில் நீள முடி பிரிந்து, சொட்டையை இன்னும் காட்டும். குட்டையாக வெட்டுவதே நன்றாக இருக்கும்.

கேள்வி: பதினைந்து வருடமாக இடுப்பு வரை முடி வைத்திருக்கிறேன். கண்டிஷனர் தொட்டதே இல்லை, பைக்கில்தான் போகிறேன், ஒன்றும் ஆகவில்லை. எதற்கு இத்தனை சடங்கு?

உங்கள் முடி தடிமனாக, நேராக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த மாதிரி முடிக்குச் சிக்கு குறைவு, மண்டை எண்ணெயும் நுனி வரை தானே இறங்கும். உங்களுக்குச் சரிப்படுவதை மாற்றச் சொல்ல மாட்டேன். சுருட்டை முடிக்காரர் இதையே செய்தால் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். அவர்கள் காய்ந்த முடியில் சீப்பே வைக்கக் கூடாது, கண்டிஷனரோடு ஈரத்தில் மட்டும்தான்.

பைக்கில் போகும்போது நீங்கள் பின்னிக்கொள்கிறீர்களா என்று சொல்லவில்லை. புதிதாக வளர்ப்பவர்கள் தாழ்வாகப் பின்னி, நுனியைச் சட்டைக்குள் விட்டு, அப்புறம் ஹெல்மெட் போடுங்கள். உச்சிக் கொண்டையோடு ஹெல்மெட் சரியாக உட்காராது. அவிழ்த்துவிட்டுப் போனால் பிடரியில் சிக்கு உருண்டையாகச் சேரும். அப்படிச் சேர்ந்தால் கத்தரியை எடுக்காதீர்கள். உலர்ந்த சிக்கிலேயே கண்டிஷனரையோ எண்ணெயையோ ஊறவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஓரத்திலிருந்து நான்கைந்து முடியாக விரலால் பிரியுங்கள். பிரிக்கும்போது சிக்குக்கு மேலே முடியை இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு வேருக்குப் போகாது.