எத்தனை சதவீதம் தமிழ்?

வணக்கம் ஐயா. ஒரு கண் மருத்துவமனைக்குப் பதிவுகள் எழுதித் தருகிறேன். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன், வாட்ஸ்அப், எஸ்எம்எஸ் எல்லாம் நான்தான். எங்கள் குழுவில் ஓர் அட்டவணை வைத்திருக்கிறோம்: இளைஞர்களுக்கு 60 சதவீதம் ஆங்கிலம், பெரியவர்களுக்கு 20. வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறோம், எல்லோரும் அப்படித்தானே அடிக்கிறார்கள். இந்தக் கலவை சரியா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

லிங்க்ட்இன்னில் உங்களைப் படிப்பவர்கள் மருத்துவர்கள். அங்கே முழுக்க ஆங்கிலத்தில் எழுதுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. யூடியூபில் போடும்போது, தேடுகிறவர்களில் சிலர் cataract surgery in tamil என்றும் தட்டக்கூடும். தலைப்பில் அதையும் சேர்த்துவிடுங்கள். மற்றபடி அந்த அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள். வயதை வைத்து சதவீதம் போடுவது சோம்பேறித்தனம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவருக்கு எழுதுகிறீர்கள். அவருக்கு வயது 25 ஆனாலும் 70 ஆனாலும் ஒரு கண்ணில் கட்டு இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது அந்த வாட்ஸ்அப் வரிதான். என் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. படிக்க முடியாது என்பதால் போனில் வரும் செய்திகளை வாசித்துச் சொல்லும் வசதியைப் போட்டுக் கொடுத்திருந்தோம். தமிழ் எழுத்தில் வந்தவற்றைத் தமிழ்க் குரல் தெளிவாகவே வாசித்தது. மருத்துவமனையிலிருந்து வந்த செய்தியோ sottu marundhu naalu velai என்று இருந்தது. ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் ஆங்கிலக் குரல் வந்து, எந்த மொழியிலும் சேராத ஒரு சத்தத்தை எழுப்பியது. அத்தை அதை மறுபடி மறுபடி ஓடவிட்டுக் கேட்டிருக்கிறார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "இது என்ன பாஷைடா?" என்றார். கண் நோயாளிகளுக்கு எழுதுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது இதையல்லவா? எல்லோரும் அப்படி அடிக்கிறார்கள் என்கிறீர்கள். நண்பனுக்கு அடிப்பதும் நோயாளிக்கு அடிப்பதும் ஒன்றா?

எந்தச் சொல் எந்த மொழியில் என்பதை, படிப்பவர் அந்தச் சொல்லை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று பார்த்து முடிவு செய்யலாம். நீங்கள் அனுப்பியிருந்த வரியையே எடுத்துக்கொள்கிறேன்: "போஸ்ட் ஆப் பேஷண்ட்ஸ் டிராப்ஸை ரெகுலராக யூஸ் செய்யவும், கேப் முக்கியம்." எதற்கும் எதற்கும் நடுவில், எவ்வளவு நேரம் கேப் என்று ஒன்றுமே இதில் இல்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "கண் ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு: ஒரு சொட்டு மருந்து விட்டபின் 5 நிமிடம் கழித்து அடுத்ததை விடுங்கள். உடனே விட்டால் முதல் மருந்து கண்ணிலிருந்து வழிந்துவிடும்." ஆபரேஷன் அப்படியே இருக்கட்டும், வீட்டில் எல்லோரும் சொல்வது அதுதான். சொட்டு மருந்தும் அதேபோல்தான், யாருக்கும் டிராப்ஸ் தேவைப்படவில்லை. ஆனால் மருந்தின் பெயரைப் புட்டியில் அச்சிட்டிருக்கும் அதே ஆங்கில எழுத்தில் போடுங்கள். ஆங்கிலம் தெரியாதவரும் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தின் வடிவத்தைப் பொருத்திப் பார்த்துவிடுவார். அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் எந்தப் புட்டி என்று தெரியாமல் தவிப்பார்.

தமிழ் பேசத் தெரிந்து எழுத்து தெரியாதவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆங்கில எழுத்துத் தமிழைவிட, நர்ஸ் ஒருவரைப் பேசவைத்துப் பதிவு செய்த அரை நிமிடக் குரல் செய்தி எவ்வளவோ மேல்.

எஸ்எம்எஸ்ஸில் நீங்கள் பாதி பாதி கலப்பது மிச்சம் பிடிக்கத்தான் என்றால், அதில் மிச்சமே இல்லை. ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் ஒரு செய்தியில் 160 இடம். ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் செய்தி முழுவதற்கும் 70 இடம்தான். கொம்பு, கால், புள்ளி எல்லாமே தனித்தனி இடம் பிடிக்கும். "நாளை காலை 9 மணிக்கு வாருங்கள்." என்பதற்கே இடைவெளியும் சேர்த்து 30 போய்விடும். கலந்தாலும் 70, முழுத் தமிழானாலும் 70 என்னும்போது எதற்குக் கலக்க வேண்டும்? வணக்கம், அன்பு வாடிக்கையாளரே எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, தேதி, நேரம், செய்ய வேண்டியது மூன்றையும் முழுத் தமிழில் 70-க்குள் அடக்கப் பாருங்கள். அடங்காவிட்டால் இரண்டு செய்திக்கான காசைக் கொடுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள்.

இன்ஸ்டாகிராமில் உங்கள் தமிழெல்லாம் படத்துக்குள் இருக்கிறது, கீழே வெறும் ஹேஷ்டேக். படத்துக்குள் இருக்கும் எழுத்தை வாசிப்புக் குரல் ஒழுங்காகச் சொல்லும் என்று நம்ப முடியாது. அதே வரிகளைக் கீழேயும் எழுத்தாகத் தட்டிவிடுங்கள், ஹேஷ்டேக் அதற்கு அப்புறம் வரட்டும்.